ஒரே பக்கம், இரண்டு விடைகள்

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். இயற்பியல் படித்தவர், இப்போது நிறுவனங்களின் நிதிநிலையை ஆய்வு செய்யும் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். தம் கைப்பேசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். ஆப்பிள் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு அது. 2023 செப்டம்பர் 30ஆம் நாளுக்குரியது.

"சார், நடப்பு விகிதமும் கடன்-பங்கு விகிதமும் கணக்கிடச் சொன்னார்கள். இரண்டாவது விகிதம் எனக்கு 4.67 வருகிறது, பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு 1.79 வருகிறது. இருவரும் இதே படத்தைத்தான் பார்த்தோம். நாளைக் காலையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்" என்றார்.

வகுத்தல் தெரிந்த இருவருக்கு ஒரே பக்கத்திலிருந்து இருவேறு விடைகள் எப்படி வந்தன?

இருப்புநிலைக் குறிப்பு என்பது ஒரு நிறுவனத்தை ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த நிழற்படம் போன்றது. ஒரு பகுதியில் நிறுவனத்திடம் உள்ள சொத்துகள் இருக்கும். மற்றொரு பகுதியில், அச்சொத்துகளுக்கான பணம் யாருடையது என்ற விவரம் இருக்கும். பிறருக்குக் கொடுக்க வேண்டியது 'பொறுப்புகள்'. மிச்சம் உரிமையாளர்களுக்கு உரிய 'பங்குதாரர் நிதி'. ஆகவே சொத்துகள் எப்போதும் பொறுப்புகள், பங்குதாரர் நிதி இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமம். நமது ஆற்றல் அழியா விதியைப் போல இதற்கும் விலக்கே இல்லை.

அந்த விதியை முதலில் படத்தைச் சோதிக்கப் பயன்படுத்தினோம். சிறிய திரையில் 3 என்பது 8 ஆகத் தெரியும். பார்த்து எழுதும்போது இலக்கங்கள் இடம் மாறும். மாணவர் தம் தாளில் நடப்புச் சொத்துகளின் மொத்தத்தை 134,566 என எழுதியிருந்தார். நீண்டகாலச் சொத்துகள் 209,017. கூட்டினால் 343,583 வருகிறது. ஆனால் படத்தில் மொத்தச் சொத்துகள் 352,583. வேறுபாடு 9,000.

இந்த 9 என்ற எண்ணைக் கணக்கர்கள் நன்கு அறிவார்கள். வேறுபாடு 9ஆல் மீதியின்றி வகுபட்டால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஐயுறுவார்கள். 10a + b என்ற எண்ணிலிருந்து 10b + a என்பதைக் கழித்துப் பாருங்கள். 9(a − b) என வரும். படத்தை மீண்டும் பார்த்தோம். உண்மையான எண் 143,566. நான்கும் மூன்றும் இடம் மாறியிருந்தன.

படத்தில் கவனிக்க இன்னும் சில உண்டு. எண்களுக்கு இரண்டு நிரல்கள் இருக்கும். ஒன்று இவ்வாண்டுக்கு, மற்றொன்று சென்ற ஆண்டுக்கு. மேலும் கீழும் ஒரே நிரலிலிருந்து எடுக்க வேண்டும். தொகைகள் மில்லியன் டாலரில் உள்ளன என்ற குறிப்பு மேலே இருக்கும். படத்தை வெட்டும்போது அது விடுபட்டுப் போகும். விகிதத்தில் அலகு தொகுதியிலும் பகுதியிலும் நீங்கிவிடுவதால் இங்கே பாதகமில்லை. ஒரு எண்ணை வேறு பக்கத்திலிருந்து எடுத்தால் மட்டும் விடை ஆயிரம் மடங்கு பிழைபடக்கூடும். அடைப்புக்குறிக்குள் உள்ள எண் எதிர்மறை எண் என்பதையும் மறவாதீர்கள்.

இனி நடப்பு விகிதம். ஓராண்டுக்குள் பணமாக மாறக்கூடியவை நடப்புச் சொத்துகள். ஓராண்டுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை நடப்புப் பொறுப்புகள். படத்தில் Total current assets, Total current liabilities என்று இரு வரிகள் உள்ளன. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

143,566 ÷ 145,308 = 0.988

"சார், ஒன்றுக்கும் குறைவாக இருக்கிறதே! இரண்டு இருக்க வேண்டும் என்றல்லவா பாடத்தில் படித்தேன்?" என்று மாணவர் கேட்டார்.

இரண்டு என்பது பழைய கைக்கணக்கு, இயற்கை விதியன்று. ஆப்பிள் தன் உதிரிபாகங்களை அனுப்புவோருக்கும் பிறருக்கும் கொடுக்க வேண்டிய தொகை 62,611 மில்லியன் டாலர். அதனிடம் விற்காமல் இருந்த சரக்கோ 6,331 மில்லியன் மட்டுமே. சரக்கு விரைவாக விற்றுப் பணமாகிவிடுகிறது. சரக்கு தந்தவருக்குப் பணம் பிறகுதான் போகிறது. அதாவது பிறர் பணத்திலேயே வணிகம் ஓடுகிறது. மேலும் 100,544 மில்லியன் டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்கள் போன்ற முதலீடுகள், முதிர்வடைய ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், நீண்டகாலச் சொத்துகளில் எழுதப்பட்டுள்ளன. தேவைப்பட்டால் அவற்றைச் சந்தையில் விற்கலாம். விகிதத்தின் கண்ணுக்கு அவை தென்படவில்லை.

இதற்கு நேர்மாறாக, தீபாவளிக்கு வாங்கிய துணி பொங்கலுக்குப் பிறகும் விலைபோகாமல் அடுக்கிக் கிடக்கும் கடையை எண்ணிப் பாருங்கள். அந்தத் துணியும் நடப்புச் சொத்துதான். விகிதம் மூன்று என்று வரக்கூடும். சம்பளம் கொடுக்கக் கையில் காசு இராது. எனவே, எண்ணைப் பார்த்ததும் அதற்கு மேலே உள்ள வரிகளையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, சண்டைக்குக் காரணமான கடன்-பங்கு விகிதம். Total shareholders' equity என்ற வரியில் பங்குதாரர் நிதி 62,146 என உள்ளது. வகுக்கும் எண் இருவருக்கும் இதுவே. தொகுதியில்தான் வேற்றுமை. மாணவர் மொத்தப் பொறுப்புகளான 290,437ஐ எடுத்துக்கொண்டார், விடை 4.67. நண்பரோ வட்டிக்கு வாங்கிய கடனை மட்டும் எடுத்தார். Commercial paper 5,985. ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய Term debt 9,822. பின்னர் தீர்க்க வேண்டிய Term debt 95,281. மூன்றும் சேர்ந்து 111,088. இதை 62,146ஆல் வகுத்தால் 1.79.

பொறுப்புகள் எல்லாம் கடன் அல்ல. வாடிக்கையாளர் முன்கூட்டியே பணம் செலுத்திவிட்ட ஒரு சேவையை நிறுவனம் இனிமேல்தான் அளிக்க வேண்டும் என்றால், அதுவும் பொறுப்பில்தான் சேரும். அதற்கு வட்டி இல்லை. பணம் கேட்டு யாரும் கதவைத் தட்டுவதும் இல்லை. கடன் சுமையை அளப்பதுதான் நோக்கம் என்றால் நண்பரின் முறையே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் மொத்தப் பொறுப்புகளை எடுத்து இதே பெயரால் குறிப்பிடும் நூல்களும் உண்டு. ஆகவே மாணவருடையதைப் பிழை என்று தள்ள முடியாது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு முறையும் மற்றொன்றுக்கு வேறு முறையும் பயன்படுத்தி ஒப்பிட்டால்தான் அது பிழை.

மாணவர் புறப்படும்போது மற்றொரு வரியைச் சுட்டினார். Accumulated deficit என்று போட்டு எதிரே (214) என்று இருந்தது. "அப்படியானால் இது நட்டத்தில் ஓடும் நிறுவனமா?"

இல்லை. அந்த நிதியாண்டில் ஆப்பிள் ஈட்டிய நிகர இலாபம் 96,995 மில்லியன் டாலர். ஆனால் அதே ஆண்டில் 77,000 மில்லியனுக்கும் மேல் செலவிட்டுத் தன் சொந்தப் பங்குகளையே சந்தையிலிருந்து திரும்ப வாங்கியது. ஆண்டுதோறும் இவ்வாறு செய்ததால் சேர்த்துவைத்த இலாபம் கரைந்து, பங்குதாரர் நிதி சுருங்கிவிட்டது. பகுதி சிறுத்தால் பின்னம் பெருக்கும். கடன் கூடாமலேயே கடன்-பங்கு விகிதம் ஏறலாம். இந்தக் காரணத்தை விகிதம் சொல்லாது. இலாப நட்டக் கணக்கையும் பணப்பாய்வு அறிக்கையையும் புரட்டினால்தான் தெரியும்.

மறுநாள் அவர் கொடுத்த தாளின் படியை எனக்கு அனுப்பியிருந்தார். 1.79 என்று எழுதி, 'வட்டிக்கடன் மட்டும்' என்று அடியில் குறித்திருந்தார். நடப்பு விகிதத்தை 0.98 என்று போட்டிருந்தார். 0.988ஐ இரண்டு தசம இடங்களுக்குத் திருத்தினால் 0.99 அல்லவா!