இருநூற்றைம்பதாவது கிளாஸ்

சிற்றூர்ப் பேருந்து நிலையத்தின் வாயிலில் டீக்கடை வைத்திருப்பவர், இரவில் கல்லாப்பெட்டியைக் கவிழ்த்து எண்ணும்போது, அதில் இருப்பது வரவேயன்றி லாபம் அன்று என்பதை அறியாதவர் அல்லர். ஆயினும், எந்தக் கிளாஸோடு நஷ்டம் தீர்ந்து லாபம் ஆரம்பமாகிறது என்று கேட்டால், அவரால் திட்டமாகச் சொல்ல இயலுவதில்லை.

கிளாஸ் 12 ரூபாய்க்கு விற்கும் ஒரு கடையை உதாரணமாகக் கொள்வோம். லிட்டர் 50 ரூபாய்ப் பாலில் 80 மில்லிக்கு 4 ரூபாய், டீத்தூள் 80 காசு, சர்க்கரை 45 காசு, எரிவாயு 75 காசு; ஆக, கிளாஸ் ஒன்றுக்கு 6 ரூபாய் செலவு. (ஆள் வராதபோதும் பாய்லர் எரிந்துகொண்டுதான் இருக்கும், எனினும் கணக்கின் சௌகரியத்துக்காக எரிவாயுவை இங்கேயே சேர்த்தேன்.) மற்றொரு வகைச் செலவோ, ஒருவரும் கடைப்பக்கம் எட்டிப்பாராத மழைநாளிலும் விடாது வருவது: வாடகை 200, மாஸ்டர் கூலி 700, கிளாஸ் கழுவும் ஆளுக்கு 420, மின்சாரம், தண்ணீர், உடைசல் யாவும் சேர்ந்து 180, மொத்தம் 1,500. ஒவ்வொரு கிளாஸும் மிச்சம் வைக்கும் 6 ரூபாயைக் கொண்டே இத்தொகையை அடைக்க வேண்டியிருப்பதால், நாளொன்றுக்கு 250 கிளாஸ் விற்றாக வேண்டும்.

| கிளாஸ் | செலவு (ரூ.) | வரவு (ரூ.) | லாபநஷ்டம் (ரூ.) |
|---|---|---|---|
| 150 | 2,400 | 1,800 | நஷ்டம் 600 |
| 250 | 3,000 | 3,000 | இரண்டும் இல்லை |
| 350 | 3,600 | 4,200 | லாபம் 600 |
| 500 | 4,500 | 6,000 | லாபம் 1,500 |
| 600 | 5,800 | 7,200 | லாபம் 1,400 |

முதலாளியே பாய்லர் முன் நின்று டீ ஆற்றும் கடைகளில், மாஸ்டர் கூலியான 700 ரூபாயைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிடுவது வழக்கம். அவ்வாறு விட்டால் 134 கிளாஸிலேயே கடை கரையேறிவிட்டதாகத் தோன்றும். 200 கிளாஸ் விற்றவர் 400 ரூபாய் லாபம் என்று திருப்தியடைவார். அதே மனிதர் அடுத்த தெருவில் மாஸ்டராக நின்றிருந்தால் 700 ரூபாய் கூலி பெற்றிருப்பார். ஆகவே அந்த 400, லாபம் என்ற பெயரில் அவர் தமக்கே குறைத்துக் கொடுத்துக்கொண்ட கூலியேயாகும்.

பட்டியலின் கடைசி வரி வாசகருக்கு விசித்திரமாகப் படலாம். விற்பனை ஏறியிருக்க, லாபம் இறங்கியிருக்கிறது. ஒரு மாஸ்டரின் கை ஏறக்குறைய 500 கிளாஸ் வரையில் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் மாலை வேளைக்கு இரண்டாவது மாஸ்டர் ஒருவரை அமர்த்த நேர்கிறது. அன்றே நிலையான செலவு 2,200 ஆகிவிடுகிறது. பழைய 1,500 ரூபாய் லாபத்தை மீண்டும் எட்டிப்பிடிக்க 617 கிளாஸ் ஓட வேண்டும். ஆகையால் புது ஆளை வைப்பதற்கு முன்பு, மாலையில் டீ கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்கள் நூற்றுப் பதினேழு பேராவது தேறுவார்களா என்று ஒரு வாரம் நின்று எண்ணிப் பார்ப்பதே உசிதம்.