ஒரே பக்கத்தில் நம் குடும்ப நிதித் திட்டம்

கோம்பையில் நான் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பகுதியில் ஆசிரியர் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு விதமான வருமானம் உண்டு. ஒன்று மாதச் சம்பளம். மற்றொன்று மலைமேல் உள்ள ஏலத்தோட்டத்திலிருந்தோ, கீழே உள்ள திராட்சைத் தோட்டத்திலிருந்தோ பருவத்துக்கு ஒருமுறை வரும் பணம். சம்பளம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். போடி ஏலத்தில் காய்க்கு என்ன விலை கிடைக்கும் என்பது தெரியாது. எனவே திட்டம் எழுதும்போது சம்பளத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். தோட்டத்துப் பணம் கைக்கு வந்த பிறகு எந்த இலக்குக்குப் போகும் என்பதை மட்டும் எழுதி வைத்தால் போதும்.

திட்டம் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். அதில் மூன்று பகுதிகள் இருக்கும்: இன்றைய நிலை, இலக்குகள், ஆண்டுச் சரிபார்ப்பு. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இவற்றைப் பார்ப்போம்.

இன்றைய நிலை

38 வயதுள்ள ஓர் இடைநிலை ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் போகக் கைக்கு வருவது ரூ.52,000. வீட்டுச் செலவு ரூ.35,000. வங்கிக் கடன் தவணை ரூ.6,000, அது இன்னும் 5 ஆண்டுகளில் முடியும். மீதம் ரூ.11,000. சேமிப்புக் கணக்கில் ரூ.50,000, வைப்புத் தொகையாக ரூ.1,00,000 இருக்கின்றன. மகளுக்கு வயது 11.

வீட்டுச் செலவை ஊகித்து எழுதக் கூடாது. கடந்த மூன்று மாத வங்கிக் கணக்குப் புத்தகத்தில் எடுத்த தொகைகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உண்மையான எண் கிடைக்கும். இந்த எண் தவறினால் அடுத்து வருவது எல்லாம் தவறும்.

இலக்குகளும் காலமும்

ஒவ்வோர் இலக்குக்கும் நான்கு விவரங்கள் எழுத வேண்டும்: எதற்கு, எத்தனை மாதத்தில், இன்றைய விலையில் எவ்வளவு, கையில் இருப்பது எவ்வளவு. தேவையிலிருந்து இருப்பைக் கழித்து மாதங்களால் வகுத்தால் மாதச் சேமிப்பு கிடைக்கும்.

1. அவசர நிதி: நான்கு மாதச் செலவு ரூ.1,40,000. இருப்பு ரூ.50,000. மீதி ரூ.90,000, 18 மாதங்களில். மாதம் ரூ.5,000.
2. வீட்டுக் கூரை மாற்றுதல்: ரூ.1,20,000, 24 மாதங்களில். மாதம் ரூ.5,000.
3. மகளின் கல்லூரிப் படிப்பு: இன்றைய செலவில் ரூ.4,00,000. இருப்பு ரூ.1,00,000. மீதி ரூ.3,00,000, 84 மாதங்களில். மாதம் ஏறத்தாழ ரூ.3,600.
4. பணி ஓய்வு: 22 ஆண்டுகள்.

விலைவாசி ஏறுமே, இன்றைய விலையில் கணக்கிடலாமா என்று கேட்கலாம். கிடைக்கும் வட்டி விலை ஏற்றத்துக்குச் சமமாக இருந்து, மாதச் சேமிப்பையும் ஆண்டுதோறும் அதே அளவு உயர்த்தினால் இந்த எளிய வகுத்தல் சரியாகவே வரும். ஊதிய உயர்வும் அகவிலைப்படி உயர்வும் வரும்போது ரூ.3,600-ஐ உயர்த்த வேண்டும் என்பதே இதன் பொருள். உயர்த்தாமல் விட்டால் ஏழாம் ஆண்டில் தொகை போதாது. கல்லூரிக் கட்டணம் வட்டியைவிட வேகமாகவும் ஏறலாம். ஆகவே ஆண்டுதோறும் அப்போதைய கட்டணத்தை விசாரித்து, புதிய எண்ணை வைத்து மீண்டும் வகுக்க வேண்டும்.

இப்போது முதல் மூன்று இலக்குகளைக் கூட்டினால் ரூ.13,600 வருகிறது. மீதமோ ரூ.11,000 தான். இந்த முரண்பாட்டை வெளிக்கொண்டு வருவதே ஒரு பக்கத் திட்டத்தின் பயன். இதைப் பார்க்காமல் தொடங்கினால் நான்காம், ஐந்தாம் மாதத்தில் நகை அடகுக்குப் போகும்.

தீர்வு, தள்ளிப்போடக்கூடிய இலக்கைத் தள்ளுவது. கல்லூரித் தேதி நகராது; கூரை சிறிது காத்திருக்கும். முதல் 18 மாதங்களுக்குக் கூரைக்கு ரூ.2,400 மட்டும் ஒதுக்கினால் மொத்தம் சரியாக ரூ.11,000 ஆகிறது. அதற்குள் ரூ.43,200 சேரும். அவசர நிதி நிறைவடைந்ததும் அந்த ரூ.5,000-மும் கூரைக்கு வரும். மாதம் ரூ.7,400 வீதம் 11 மாதங்களில் ரூ.81,400. ஆக 29 மாதங்களில் கூரைப் பணம் சேர்ந்துவிடும். தள்ளிப்போனது ஐந்து மாதங்கள்தான். இடையில் ஏலக்காய்ப் பணம் வந்தால் முதலில் அவசர நிதிக்கு, பிறகு கூரைக்கு என்று தாளிலேயே எழுதிவிடலாம்.

காலத்துக்கேற்ற இடம்

பணத்தை எங்கே வைப்பது என்பதை அது தேவைப்படும் தேதியே முடிவு செய்கிறது. அவசர நிதி எந்த நாளும் எடுக்கும்படி சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். கூரைப் பணத்துக்கு வங்கித் தொடர் வைப்பு பொருந்தும். அஞ்சலகத் தொடர் வைப்பு 5 ஆண்டுக்கானது. 29 மாதத் தேவைக்கு ஒத்துவராது, ஆனால் கல்லூரிப் பணத்துக்குப் பொருந்தும். அது முதிர்ந்ததும் மீதி இரண்டு ஆண்டுகளுக்கு வைப்புத் தொகையாக மாற்றலாம்.

இங்கே பலர் தடுமாறுவது கால அளவில்தான். 11 வயது மகளின் படிப்புக்கென்று இன்று பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கினால் அது 15 ஆண்டுகளுக்குரியது. முதிரும்போது மகளுக்கு வயது 26 தாண்டியிருக்கும். இடையில் ஒரு பகுதியைத்தான் எடுக்க முடியும். செல்வமகள் சேமிப்புத் திட்டக் கணக்கைப் பெண் குழந்தைக்கு 10 வயது நிறைவதற்குள் தொடங்க வேண்டும் என்பதால் இவருக்கு அந்த வழி இல்லை. சிறு குழந்தை உள்ளவர்களுக்கு உண்டு. பதிவு பெறாத ஏலச்சீட்டில் தேதி குறித்த பணத்தைப் போடுவது எந்தக் கால அளவுக்கும் ஏற்றதன்று.

ஓய்வுக்கால வரியில் இப்போது புதிய சேமிப்பு இல்லை. 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு ஓய்வூதியத்துக்குப் பிடிக்கப்பட்டு வருகிறது. அந்தக் கணக்கின் இருப்பை எழுதி, அருகில் "கடன் முடிந்ததும் ரூ.6,000 இங்கே" என்று குறித்தால் போதும். கடன் முடிந்த மாதமே இதைச் செய்யாவிட்டால் அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும்.

ஆண்டுச் சரிபார்ப்பு

நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் மே விடுமுறை இதற்கு ஏற்ற காலம். தாளின் அடியில் இந்தக் கேள்விகளை எழுதி, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து விடையளிக்க வேண்டும்.

1. மூன்று மாதச் சராசரிச் செலவு இப்போது எவ்வளவு? அவசர நிதி அதற்கு நான்கு மடங்கு உள்ளதா?
2. ஒவ்வோர் இலக்கின் இன்றைய விலை என்ன? மாதத் தொகையை மீண்டும் வகுத்தாயிற்றா?
3. சம்பளம் உயர்ந்த அளவுக்கு சேமிப்பும் உயர்ந்ததா?
4. ஓய்வூதியக் கணக்கில் பன்னிரண்டு மாதப் பிடித்தமும் வரவாகியுள்ளதா? ஊதியப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தோமா?
5. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றில் வாரிசு நியமனம் சரியாக உள்ளதா? திருமணத்துக்கு முன் எழுதியது அப்படியே இருக்கிறதா?
6. இரண்டு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணம் ஏதேனும் நீண்ட காலக் கணக்கில் சிக்கியுள்ளதா?
7. புதிய கடன், நகை அடகு, பிறருக்கு ஜாமீன் ஏதேனும் சேர்ந்துள்ளதா?

ஓர் இலக்கின் சேமிப்பு தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் மே வரை காத்திருக்க வேண்டாம். செலவு எண் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அந்த எண்ணைத் திருத்தி, தள்ளக்கூடிய இலக்கின் தேதியை மாற்றி, தாளை மறுபடி எழுதலாம். பழைய தாளைக் கிழிக்காமல் புதியதோடு சேர்த்துக் கோப்பில் வைத்தால், விலை எவ்வளவு ஏறியது, நம் சேமிப்பு எவ்வளவு ஏறியது என்பது அடுத்த மே மாதத்தில் அருகருகே தெரியும்.