மாதக் கடைசி வரை காத்திருக்காத கணக்கு

திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதற்கு 5,000 டி-ஷர்ட்டுக்கான ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டுக்குக் கழிவு உட்பட 200 கிராம் துணி போதும், கிலோ 400 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். வெட்டித் தைத்து முடிக்க 15 நிமிடம், மணிக்கு 80 ரூபாய் கூலி. ஆக, துணி 80 ரூபாய், கூலி 20 ரூபாய், மொத்தம் 100 ரூபாய். மின்சாரம், வாடகை போன்ற மேற்செலவுகளும் ஜி.எஸ்.டி.யும் உண்டு; இந்தக் கதைக்கு அவை வேண்டாம்.

இப்படி வேலை தொடங்கும் முன்பே 'இவ்வளவுதான் ஆக வேண்டும்' என்று வரையறுத்து, அந்தத் தொகையிலேயே கணக்கு எழுதுவதை ஸ்டாண்டர்டு காஸ்டிங் என்கிறார்கள். முன்பே வரையறுத்த அந்தத் தொகையை இங்கே நிர்ணயச் செலவு என்போம். 5,000 டி-ஷர்ட்டுக்கு நிர்ணயச் செலவு 5 லட்சம் ரூபாய். மீதித் துணியை நிர்ணய விலையிலேயே வைத்துக் கணக்கிட்டால், உண்மையில் ஆன செலவு 5,37,200 ரூபாய். கூடிப்போன 37,200 ரூபாய்தான் மாறுபாடு. அதைக் கணக்குப் புத்தகத்தில் எப்போது எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு வழி, உண்மைச் செலவையே எழுதிக்கொண்டு போய், சரக்கு முடிந்தபின் நிர்ணயச் செலவோடு ஒப்பிடுவது. உழைப்பு குறைவு. ஆனால் மாதக் கடைசியில் கணக்காளர் கையில் கிடைப்பது ஒரே ஒரு பெரிய தொகை. அது துணியில் போனதா, கூலியில் போனதா, எந்த வாரத்தில் போனது என்று அதற்குப் பிறகுதான் தோண்ட வேண்டும். அதற்குள் துண்டுத் துணி எடைக்குப் போயிருக்கும். 'அன்றைக்கு என்ன நடந்தது' என்று கேட்டால் மேற்பார்வையாளருக்கும் நினைவு இருக்காது.

இன்னொரு வழி, மாறுபாடு தலைகாட்டும் இடத்திலேயே, அன்றைக்கே, அதற்கென்று ஒரு தனிக் கணக்கைத் திறந்து எழுதிவிடுவது. நம் நிறுவனம் இதைத்தான் பின்பற்றுகிறது.

மாதத்தின் 3-ஆம் தேதி 1,200 கிலோ துணி வந்து இறங்குகிறது. பில்லில் கிலோ 410 ரூபாய், மொத்தம் 4,92,000. கணக்காளர் துணி இருப்பை 410 ரூபாயில் எழுதுவதில்லை. கிடங்குக்குள் நுழையும் ஒவ்வொரு கிலோவும் 400 ரூபாய்தான். மிச்சம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

துணி இருப்புக் கணக்கு – பற்று ரூ. 4,80,000
துணி விலை மாறுபாட்டுக் கணக்கு – பற்று ரூ. 12,000
துணி விற்றவர் கணக்கு – வரவு ரூ. 4,92,000

துணிக்காரருக்குக் கொடுக்க வேண்டியது ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது மட்டும் 12,000 ரூபாயாகத் தனியே பிரிந்து நிற்கிறது. நமக்குப் பாதகமான மாறுபாடு என்பதால் அது பற்றுப் பக்கம். 390 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அதே 12,000 சாதகமாகி வரவுப் பக்கம் போயிருக்கும்.

இதில் கிடங்குக்காரருக்கும் ஒரு வசதி உண்டு. பத்து லோடு பத்து விலையில் வந்தாலும் இருப்புப் பதிவேட்டில் அவர் கிலோவை மட்டும் பார்த்தால் போதும்; விலை எப்போதும் 400. எஸ்.ஏ.பி. மென்பொருளில் ஒரு பொருளின் விலைக் கட்டுப்பாட்டை S என்று வைத்தால் இதே வேலைதான் தானாக நடக்கிறது. சரக்கு வரவைப் பதிந்ததுமே இருப்பு நிர்ணய விலையில் ஏறும். ஆர்டர் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் PRD என்ற குறியீட்டுக்கு ஒதுக்கப்பட்ட கணக்குக்குப் போய்விடும்.

8-ஆம் தேதி கட்டிங் தொடங்குகிறது. 5,000 டி-ஷர்ட்டுக்கு 1,000 கிலோ என்பது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. அந்த அளவுக்கு மட்டும் சீட்டு போட்டுக் கிடங்கிலிருந்து துணி தருகிறார்கள். நடப்பு உற்பத்திக் கணக்கில் 4 லட்சம் பற்று, துணி இருப்பில் 4 லட்சம் வரவு. இதுவரை மாறுபாடு எதுவும் இல்லை. ஆனால் 11-ஆம் தேதி கட்டிங் மாஸ்டர் துணி போதவில்லை என்று வந்து நிற்கிறார். இன்னும் 40 கிலோ வேண்டும். அதை வழக்கமான சீட்டில் தர முடியாது. கூடுதல் துணிக்கு வேறு நிறத்தில் ஒரு சீட்டு. அதில் காரணம் எழுதி உற்பத்தி மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு கணக்குப் பிரிவுக்கு வந்ததும் இப்படி ஒரு பதிவு விழுகிறது:

துணிப் பயன்பாட்டு மாறுபாட்டுக் கணக்கு – பற்று ரூ. 16,000
துணி இருப்புக் கணக்கு – வரவு ரூ. 16,000

40 கிலோவை 400-ஆல்தான் பெருக்கியிருக்கிறார்கள், 410-ஆல் அல்ல. விலை கூடியதற்கான 10 ரூபாய் 3-ஆம் தேதியே ஒதுக்கப்பட்டுவிட்டது. வாங்கியவர் கொடுத்த அதிக விலைக்கு வெட்டியவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

கூலியிலும் இதே ஒழுங்குதான். இந்த ஆர்டருக்கு 1,300 மணி நேரக் கூலியாக 1,09,200 ரூபாய் ஆனது. மணிக்கு 80 ரூபாய் என்றால் 1,04,000 தான் ஆகியிருக்க வேண்டும். சம்பளப் பட்டியல் எழுதும்போதே கூலிக் கணக்கில் 1,04,000 பற்று, கூலி விகித மாறுபாட்டில் 5,200 பற்று, கொடுபட வேண்டிய கூலியில் 1,09,200 வரவு. அடுத்தது, அந்த 1,300 மணி நேரம் என்ன ஆனது என்பது. 5,000 டி-ஷர்ட்டுக்கு 1,250 மணி நேரம் போதும். 20 மணி நேரம் வேலையே நடக்கவில்லை. மீதி 30 மணி நேரம் வேலை மெதுவாக நடந்ததால் போனது.

நடப்பு உற்பத்திக் கணக்கு – பற்று ரூ. 1,00,000
கூலித் திறன் மாறுபாட்டுக் கணக்கு – பற்று ரூ. 2,400
வெறும் நேர மாறுபாட்டுக் கணக்கு – பற்று ரூ. 1,600
கூலிக் கணக்கு – வரவு ரூ. 1,04,000

திருப்பூரில் பல இடங்களில் பீஸ் ரேட்தான். பீசுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் மெதுவாகத் தைப்பதன் இழப்பு தைப்பவருடையது. அங்கே திறன் மாறுபாட்டுக் கணக்குக்குப் பெரிதாக வேலை இருக்காது. ஷிப்ட் கணக்கில் கூலி கொடுக்கும் நம் நிறுவனத்துக்குத்தான் இந்தப் பிரிப்பு பொருந்துகிறது.

இப்போது நடப்பு உற்பத்திக் கணக்கில் இருப்பது துணி 4 லட்சம், கூலி 1 லட்சம். தைத்து முடித்த 5,000 டி-ஷர்ட்டும் 5 லட்சம் ரூபாய்க்கு முடிவுற்ற சரக்குக் கணக்குக்குப் போகின்றன. நடப்பு உற்பத்தி பூஜ்யமாகிறது. ஐந்து மாறுபாட்டுக் கணக்குகளில் 12,000, 16,000, 5,200, 2,400, 1,600. கூட்டினால் 37,200.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் ஒரு சீட்டும் இருப்பதால் விசாரணை எளிது. ஆனால் பதிவு சொல்வது மாறுபாடு எங்கே தெரிந்தது என்பதை மட்டுமே. அதற்கு யார் காரணம் என்பதை அது சொல்லாது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, 'பயன்பாட்டு மாறுபாடு 16,000' என்ற வரியைப் பார்த்ததும் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுத் திட்டும் முதலாளிகள்தான் அதிகம்.

நம் கதையில் மாஸ்டர் சீட்டில் எழுதிய காரணம், 'துணி கனமாக இருக்கிறது'. அதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஜி.எஸ்.எம். கட்டர் என்ற சிறு கருவி 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத் துண்டை வெட்டும். அந்தத் துண்டின் எடையை கிராமில் பார்த்து 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை தெரியும். கேட்டது 180 ஜி.எஸ்.எம்.; துண்டு 1.80 கிராம் இருந்திருக்க வேண்டும். தராசு காட்டியது 1.87. ஏறத்தாழ 4 சதவீதம் கனம் அதிகம். பரப்பு அதேதான் வேண்டும் என்னும்போது எடையும் 4 சதவீதம் கூடத்தானே செய்யும்? ஆயிரம் கிலோவில் நாற்பது கிலோ. கட்டிங் மேசையில் ஒரு தவறும் நடக்கவில்லை. 3-ஆம் தேதி சோதிக்காமல் இறக்கிய துணி, 11-ஆம் தேதி வேறொருவர் கணக்கில் இழப்பாகத் தலைகாட்டியிருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. கூடுதல் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் அன்று வெளியே போயிருந்தார். வெட்டிய துணி தீர்ந்து 20 டெய்லர்கள் ஒரு மணி நேரம் மெஷின் முன் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வெறும் நேரம் என்று எழுதிய 20 மணி நேரம் இதுதான். பிந்திய வேலையைப் பிடிக்க 65 மணி நேரம் ஓவர்டைம் ஓடியது. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. மணிக்குக் கூடுதலாக 80 ரூபாய் வீதம் 65 மணி நேரத்துக்கு 5,200. கூலி விகித மாறுபாடு முழுக்க அதுதான். யாருக்கும் கூலி உயரவில்லை. விகிதக் கணக்கை மட்டும் பார்ப்பவர் ஆள் தட்டுப்பாட்டால் கூலி ஏறிவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்.

மாறுபாட்டுக் கணக்குகளை ஆண்டு முடிவில் என்ன செய்வது? சிறியவை என்றால் லாப நட்டக் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் இருப்பை நிர்ணய விலையில் காட்ட ஒரு நிபந்தனை உண்டு: அது உண்மை அடக்கவிலைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். சரக்கிருப்பை மதிப்பிடுவதற்கான இந்தியக் கணக்கியல் தரநிலை 2 அப்படித்தான் சொல்கிறது. வழக்கத்துக்கு மீறிய சேதத்தை இருப்பின் மதிப்பில் ஏற்றக் கூடாது என்றும் சொல்கிறது. வித்தியாசம் பெரிதானால் விலை மாறுபாட்டைப் பிரித்து, விற்காமல் இருக்கும் சரக்குக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். நம் கிடங்கில் மீதி 160 கிலோ. அதன் பங்கு கிலோவுக்கு 10 ரூபாய் வீதம் 1,600. இதைச் சேர்த்தால் மீதித் துணியின் மதிப்பு 65,600.

துணிக்காரரிடம் இழப்பீடு கேட்கலாமா என்றால், ஜி.எஸ்.எம். 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது தொழிலில் பரவலான வழக்கு. 187 அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆகவே மிச்சமிருக்கும் 160 கிலோவும் இதே கனத்தோடு அப்படியே இருக்கும். ஏட்டின்படி அதில் 800 டி-ஷர்ட் வர வேண்டும்; உண்மையில் 770-ஐத் தாண்டாது. அடுத்த ஆர்டருக்கு அந்த ரோல்களைப் பிரிக்கும் அன்று, கூடுதல் துணிக்கான அந்த வேறு நிறச் சீட்டு மறுபடியும் எழுதப்படும்.