ஸ்டம்பில் பட்டிருக்குமா?

தெருக் கிரிக்கெட்டில் பெரும்பாலும் எல்பிடபிள்யூ கிடையாது. போல்டு உண்டு, ரன் அவுட் உண்டு, சில தெருக்களில் ஒரு குத்து குத்தி வந்த பந்தைப் பிடித்தாலும் அவுட்தான். எல்பிடபிள்யூவை மட்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே விலக்கி வைத்துவிடுவார்கள். விவரமான ஏற்பாடுதான். மற்ற அவுட்டுகளில் என்ன நடந்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எல்பிடபிள்யூவில் நடக்காத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்: கால் குறுக்கே வராமல் இருந்தால் இந்தப் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? பேட்டிங் அணிக்காரனே அம்பயராக நிற்கும் ஆட்டத்தில் இதைக் கேட்டால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி.

ஆனால் இந்த விதி இல்லாமல் நிஜக் கிரிக்கெட் நடக்காது. மட்டையே வேண்டாம், காலை ஸ்டம்புக்கு முன்னால் ஊன்றிக்கொண்டு நாள் முழுக்க நிற்கலாம். அப்படி நின்றவர்கள் இருந்ததால்தான் 1774-லேயே இது விதிகளில் ஏறியது.

பெயரில் கால் இருந்தாலும் காலில்தான் பட வேண்டும் என்றில்லை. 1999 அடிலெய்ட் டெஸ்டில் மெக்ராத் வீசிய பந்து எகிறும் என்று நினைத்து சச்சின் குனிந்தார். பந்து எழும்பவில்லை, தோளில் பட்டது. அம்பயர் டேரில் ஹார்ப்பர் விரலை உயர்த்தினார். குனிந்தவரின் தோள் ஸ்டம்பின் உயரத்துக்கு இறங்கியிருந்ததா என்று இன்றுவரை பேசுகிறார்கள். தோளில் பட்டால் எல்பிடபிள்யூ ஆகுமா என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. மட்டையிலோ, மட்டையைப் பிடித்திருக்கும் கையுறையிலோ முதலில் படாமல் உடம்பில் எங்கே பட்டாலும் கணக்குதான்.

அம்பயர் மனதுக்குள் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்கிறார். முதல் கேள்வி, பந்து எங்கே குத்தியது? லெக் ஸ்டம்புக்கு வெளியே, அதாவது பேட்ஸ்மேனின் முதுகுப் பக்கம் குத்தியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அது திரும்பி நடு ஸ்டம்பைப் பெயர்க்கும் பந்தாகவே இருந்தாலும் நாட் அவுட். அநியாயமாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பக்கம் வரும் பந்தைப் பார்ப்பதும் கடினம், அதற்கு முன்னால் காலை வைக்காமல் ஆடுவதும் கடினம். அதையும் அவுட் என்றால் பந்து வீச்சாளர்கள் எல்லோரும் கால் பக்கமாகவே போட்டு ஆட்டத்தைச் சாகடித்துவிடுவார்கள்.

இரண்டாவது கேள்வி, உடம்பில் பட்டபோது பந்து எங்கே இருந்தது? ஸ்டம்புகளுக்கு நேராக இருக்க வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டால் நாட் அவுட். இதில் ஒரு விலக்கு இருக்கிறது. அது பிறந்த கதை சுவையானது. 1957-ல் எட்ஜ்பாஸ்டனில் வெஸ்ட் இண்டீஸின் சன்னி ராமதின் முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்தின் ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவர் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதே யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் பீட்டர் மேயும் காலின் கௌட்ரியும் அதைக் கண்டுபிடிக்கும் வேலையையே விட்டுவிட்டார்கள். இடது காலை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நீட்டி, மட்டையைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பந்தைக் காலாலேயே தடுத்தார்கள். அன்றைய விதிப்படி அது அவுட் ஆகாது. ராமதின் 98 ஓவர் வீசிக் களைத்துப்போனார். இருவரும் சேர்த்தது 411 ரன். விதி 1970-களில்தான் மாறியது. இன்று மட்டையால் ஆட உண்மையாக முயலாமல் காலை மட்டும் நீட்டினால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டாலும் அவுட் கொடுக்கலாம். அது உண்மையான முயற்சியா, நடிப்பா என்று அளக்க எந்தக் கருவியும் கிடையாது. அம்பயர் கண்தான்.

மூன்றாவது கேள்வி, பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? சண்டையில் பெரும்பகுதி இங்கேதான். மூன்று ஸ்டம்பும் சேர்ந்து 9 அங்குல அகலம், 28 அங்குல உயரம். வேகப்பந்து சுமார் அரை விநாடியில் வந்து சேர்கிறது. அதற்குள் எதிர்முனையில் நிற்பவர் திசையையும் உயரத்தையும் ஊகிக்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் ஹெடிங்லி. இங்கிலாந்துக்கு 359 ரன் இலக்கு. கடைசி விக்கெட் ஜோடியாக பென் ஸ்டோக்ஸும் ஜாக் லீச்சும் நிற்கிறார்கள். பாட் கம்மின்ஸ் பந்து லீச் காலில் படுகிறது, அம்பயர் மறுக்கிறார், ஆஸ்திரேலியா மறுபரிசீலனை கேட்கிறது. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்து. முதல் கேள்வியிலேயே தோற்றுப்போன அப்பீலுக்காகக் கையில் இருந்த கடைசி ரிவ்யூ போயிற்று. அடுத்த ஓவரில், வெற்றிக்கு இரண்டே ரன் இருக்கும்போது, நேதன் லயன் பந்தை ஸ்டோக்ஸ் ஸ்வீப் ஆடத் தவறுகிறார். காலில் பட்டது. ஜோயல் வில்சன் தலையசைத்து மறுக்கிறார். கேட்க ரிவ்யூ இல்லை. பிறகு திரையில் வந்த கணிப்பில் மூன்று கேள்விக்கும் சிவப்பு, அதாவது தெளிவான அவுட். கம்மின்ஸின் அடுத்த ஓவரில் ஸ்டோக்ஸ் பவுண்டரி அடிக்க, இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பந்து லெக் பக்கமாக விலகிப் போயிருக்கும், கணிப்புதான் தப்பு என்று ஸ்டோக்ஸ் பின்னாளில் சொன்னார்.

அவர் வாதத்தை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் திரையில் ஓடும் பாதை முழுவதும் படம்பிடித்தது அல்ல என்பதை மறக்கக் கூடாது. காலில் படும்வரை கேமராக்கள் பார்த்தது. அதற்குப் பிறகு ஸ்டம்புவரை கணினி போட்ட கணக்கு. பந்து குத்திய உடனே காலில் பட்டுவிட்டால் கணக்கிடக் கிடைக்கும் தூரம் குறைவு, பிசகு நேர வாய்ப்பு அதிகம்.

அந்தப் பிசகுக்கு இடம் விட்டு வைத்ததுதான் 'அம்பயர்ஸ் கால்'. ஸ்டம்பில் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே படும் என்று கணிப்பு காட்டினால், அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும். அவுட் என்றிருந்தால் அவுட், நாட் அவுட் என்றிருந்தால் நாட் அவுட். ஒரே பந்துக்கு இரண்டு தீர்ப்பா என்று ரசிகர்கள் கொதிக்கிறார்கள். விராட் கோலியும் 2021-ல் இது குழப்பம் தருகிறது, ஸ்டம்பில் பட்டால் அவுட் என்று வைத்துவிட வேண்டும் என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பந்தின் குறுக்களவு சுமார் 7 சென்டிமீட்டர். அதன் ஓரம் பெயிலை உரசும் என்று கணினி சொல்லும்போது, நிஜத்தில் உரசாமலே போயிருக்கவும் இடம் உண்டு. உறுதியாகத் தெரியாத இடத்தில் களத்தில் நின்று பார்த்தவர் சொல்லை மாற்றாமல் விடுவதே முறை. ரிவ்யூ கேட்ட அணியும் அதனால் ரிவ்யூவை இழப்பதில்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டு டிவி முன்னால் சண்டை மூண்டால், ஸ்டம்பைப் பார்க்கும் முன் பந்து எங்கே குத்தியது என்று பாருங்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே என்றால் மற்ற இரண்டு கேள்விக்கும் வேலையே இல்லை.