"செவ்வாய், டாக்டர்" என்றால் என்ன?

"செவ்வாய், டாக்டர்." மகன் பள்ளிக்கு வராததற்கு ஒரு தாய் எழுதிய குறிப்பு இவ்வளவுதான். இங்கிலாந்துப் பள்ளிகளில் காலை, பிற்பகல் என இருவேளையும் வருகைப்பதிவு உண்டு. உடம்பு சரியில்லை என்றால் I, மருத்துவரைப் பார்க்க முன்பதிவு என்றால் M, காரணம் தெரியாதவரை N. இந்த N-ஐ 5 பள்ளி நாட்களுக்குள் மாற்றியாக வேண்டும். ஆகவே ஆசிரியை மின்னஞ்சலில் கேட்கிறார்:

"குறிப்புக்கு நன்றி. அவனுக்கு உடம்பு சரியில்லையா, முன்பே பதிவுசெய்த சந்திப்பா? பிற்பகலும் வர முடியவில்லையா? தெரிந்தால் சரியாகப் பதிந்துவிடுவேன்."

நல்ல கடிதம் இது. சந்தேகத் தொனி இல்லை. நோயின் பெயரைத் துருவவும் இல்லை. காரணம் தெரியாமலே போனால், அனுமதியில்லா விடுப்பைக் குறிக்கும் O விழும். பெற்றோரே, குறிப்பிலேயே தேதி, வேளை, காரணம் மூன்றையும் எழுதிவிடுங்கள்.