இருமடங்கு வேலைக்குப் பதினோரு மடங்கு நேரம்

இரவு பதினோரு மணிக்குத் தொடங்கும் வட்டிக் கணக்கு நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் முடிந்துவிட வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. புரோகிராமில் ஒரு வரிகூட மாறவில்லை. சர்வரின் சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கிறது, மெமரியிலும் தாராளமாக இடம் இருக்கிறது. இப்படி ஒரு புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, டிஸ்க் எத்தனை ஜிபி என்பதுதான். “அதில் பாதி காலியாகத்தானே இருக்கிறது?” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

காலியிடத்தால் இங்கே பயன் இல்லை. கிளவுடில் நாம் வாங்கும் சில டிஸ்குகளுக்கு அவற்றின் அளவை வைத்துத்தான் வேகம் நிர்ணயிக்கப்படுகிறது. அமேசான் தன் கிளவுட் சேவையில் 2014-இல் கொண்டுவந்த gp2 என்ற வகை அப்படிப்பட்டது. பழைய சர்வர்கள் பலவற்றில் இன்றும் அது இருக்கிறது. ஒரு டிஸ்க் நொடிக்கு எத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும் என்பதை ஐஓபிஎஸ் என்ற எண்ணால் சொல்வார்கள். gp2-இல் ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ். 100 ஜிபி டிஸ்க் வாங்கினால் உங்களுக்கு உரிமையான வேகம் நொடிக்கு 300 தடவை, அவ்வளவுதான்.

ஆனால் வாங்கிய அன்று யாருக்கும் 300 கண்ணில் படாது. 3000 வரை பாயும். வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வரும் குழாய் மெல்லியது, ஆனால் தொட்டி நிறைந்திருக்கும்வரை எல்லாக் குழாய்களையும் முழுதாகத் திறந்து குளிக்கலாம். gp2 டிஸ்கின் தொட்டியில் 54 லட்சம் கிரெடிட் கொள்ளும். ஒரு தடவை படித்தால் அல்லது எழுதினால் ஒரு கிரெடிட் போகும். புது டிஸ்கை நிறைந்த தொட்டியோடுதான் தருகிறார்கள். சர்வர் சட்டென்று பூட் ஆகி, தேவையான மென்பொருள்கள் தாமதமில்லாமல் ஏற வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்துக்கு இது நல்ல ஏற்பாடுதான். மணிக்கணக்கில் இடைவிடாமல் ஓடும் இரவு வேலைக்கு இதை நம்பும்போதுதான் தகராறு.

100 ஜிபி டிஸ்கை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 3000 கிரெடிட் வெளியே போகிறது, 300 உள்ளே வருகிறது. நிகர இழப்பு 2700. 54 லட்சம் தீர்வதற்கு 2000 நொடி, அதாவது 33 நிமிடம் 20 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் டிஸ்க் 60 லட்சம் தடவை படித்து எழுதியிருக்கும். நமது வட்டிக் கணக்குக்குத் தொடக்கத்தில் தேவைப்பட்டது சரியாக அவ்வளவுதான் என்று வையுங்கள். தொட்டி வற்றும் நொடியில் வேலையும் முடிகிறது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இனி கணக்குகள் பெருகி, தேவை ஒரு கோடியே 20 லட்சம் ஆகிறது. வேலை இருமடங்கு, ஆகவே ஒரு மணி ஏழு நிமிடம் ஆகும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். முதல் 60 லட்சம் வழக்கம்போல 33 நிமிடத்தில் முடிகிறது. மீதி 60 லட்சத்தை 300 என்ற வேகத்தில் முடிக்க 20,000 நொடி, ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். மொத்தம் 22,000 நொடி. வேலை இரண்டு மடங்கு, நேரம் பதினோரு மடங்கு. பதினோரு மணிக்குத் தொடங்கியது 5.07-க்கு முடிகிறது. ஒவ்வொரு தடவையும் 16 கேபி படிக்கிறது என்றால், முதலில் நொடிக்கு 47 எம்பி ஓடியது 5 எம்பிக்கும் கீழே வந்து நின்றிருக்கும்.

மறுநாள் நிலைமை இன்னும் மோசமாகும். பகலில் அலுவலக வேலைக்குச் சராசரியாக 250 ஐஓபிஎஸ் செலவானால், தொட்டியில் சேர்வது நொடிக்கு 50 மட்டுமே. இரவு பதினோரு மணிக்குள் 32 லட்சம்தான் சேரும். வேகம் இருபது நிமிடத்தில் தீர்ந்து, வேலை முடியக் காலை ஏழு தாண்டும். மூன்றாம் இரவு ஏறக்குறைய ஏழரை. பிறகு விடுமுறை நாள் வருகிறது. டிஸ்க் சும்மா இருந்தால் ஐந்தே மணி நேரத்தில் தொட்டி நிரம்பிவிடும். திங்கள் இரவு மறுபடி வேகம் கூடும். சனிக்கிழமை சர்வரை ரீபூட் செய்தவர் தன்னால்தான் சரியானது என்று நம்பிக்கொண்டிருப்பார். ரீபூட்டால் ஒரு கிரெடிட்கூட ஏறாது.

நோயைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. லினக்ஸ் சர்வரில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் ஐந்து நொடிக்கு ஒருமுறை நிலவரம் வரும்.

```
iostat -x 5
```

`r/s`, `w/s` இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பழுதான டிஸ்கில் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கும். கிரெடிட் தீர்ந்த டிஸ்கில் கூட்டுத்தொகை வேலி போட்டதுபோல 300-இலேயே நிற்கும். `r_await` என்ற காத்திருப்பு நேரம் எகிறியிருக்கும். ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகள் வரிசையில் நின்றால், 3000 வேகத்தில் ஒவ்வொன்றும் சுமார் 11 மில்லிநொடி காத்திருக்கும். 300-இல் அதுவே 107 மில்லிநொடி. சிபியு சும்மா இருப்பதன் காரணமும் இதுதான், அது டிஸ்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இறுதிச் சான்று வேண்டுமானால் அமேசானின் கிளவுட்வாட்ச் கண்காணிப்பில் `BurstBalance` என்ற கோடு இருக்கிறது. நூறு சதவீதத்திலிருந்து நேர்கோடாகச் சரிந்து பூஜ்யத்தைத் தொட்ட நிமிடமும் வேலை படுத்த நிமிடமும் ஒன்றாக இருந்தால், புரோகிராமரைத் திட்ட வேண்டியதில்லை. இந்தக் கோடு 30 சதவீதத்துக்கு இறங்கும்போதே எச்சரிக்கை அனுப்பும்படி வைப்பது ஐந்து நிமிட வேலை. வைத்திருப்பவர்கள் குறைவு.

முன்பெல்லாம் இதற்கு வைத்தியம், தேவையில்லாவிட்டாலும் பெரிய டிஸ்க் வாங்குவது. 1000 ஜிபி வாங்கினால் 3000 ஐஓபிஎஸ் நிரந்தரமாகக் கிடைக்கும், உள்ளே 900 ஜிபி காலியாகக் கிடக்கும். 2020 டிசம்பரில் gp3 வந்த பிறகு அதற்கு அவசியம் இல்லை. அளவு எதுவானாலும் 3000 ஐஓபிஎஸ், நொடிக்கு 125 எம்பி. கிரெடிட், தொட்டி எதுவும் கிடையாது. ஜிபி விலையும் gp2-ஐவிட 20 சதவீதம் வரை குறைவு. சர்வரை நிறுத்தாமலே மாற்றிக்கொள்ளலாம்.

```
aws ec2 modify-volume --volume-id vol-xxxx --volume-type gp3
```

மாற்றம் நடந்து முடியும்வரை வேகம் பழையதற்கும் புதியதற்கும் இடையில் எங்கோ இருக்கும். அதனால் நள்ளிரவில் வேலை திணறும்போது இதைச் செய்துவிட்டு உடனே பலன் எதிர்பார்க்கக் கூடாது, வேலையில்லாத பகலில் செய்வது நல்லது. பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதிதாக gp3 உருவாக்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 334 ஜிபிக்கு மேற்பட்ட gp2 நொடிக்கு 250 எம்பி வரை தந்துகொண்டிருந்தது. gp3-இல் எதுவும் கேட்காமல் விட்டால் 125-தான், கூடுதலுக்குத் தனிக் கட்டணம்.

டிஸ்கை மாற்றிய பிறகும் அரை மணி நேரத்தில் வேகம் விழுந்தால், சர்வரைச் சந்தேகிக்க வேண்டும். சிறிய சர்வர்கள் பலவற்றுக்கு டிஸ்கோடு பேசும் பாதையிலும் இதே போன்ற கிரெடிட் உண்டு. உச்ச வேகம் 24 மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டுமே உறுதி. அதைக் காட்டும் கோடுகள் `EBSIOBalance%`, `EBSByteBalance%` என்ற பெயர்களில், டிஸ்கின் பக்கத்தில் இல்லாமல் சர்வரின் பக்கத்தில் இருக்கும்.