ஒரு நிமிடம் எண்ணக் கற்றுக்கொடுத்தவருக்கு

பிரிட்டனில் நர்சிங் படிப்பவர்கள் பட்டம் வாங்குமுன் பாடத்துக்கு 2,300 மணி நேரமும், செய்முறைப் பயிற்சிக்கு இன்னொரு 2,300 மணி நேரமும் முடித்தாக வேண்டும். செய்முறைப் பயிற்சியின் பெரும்பகுதி வார்டுகளில் நடக்கும். அதை ‘பிளேஸ்மென்ட்’ என்பார்கள். அங்கே கூடவே நின்று சொல்லிக்கொடுக்கும் மூத்த நர்ஸ் ‘மென்டர்’. 2018-இல் வந்த விதிகள் அந்தப் பொறுப்பைப் பயிற்சி தருபவர், மதிப்பிடுபவர் என்று இரண்டு பேருக்குப் பிரித்துவிட்டன. ஆனாலும் பழைய பெயர் பேச்சில் இன்னும் புழங்குகிறது.

படிப்பு முடிந்து கிளம்பும்போது மாணவிகள் மென்டருக்கு நன்றிக் கடிதம் எழுதுவதுண்டு. “எல்லாவற்றுக்கும் நன்றி” என்று ஒரு அட்டை, கூடவே வார்டு முழுவதும் பகிர்ந்து தின்ன ஒரு சாக்லேட் பெட்டி. அதில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் தான் சொல்லிக்கொடுத்ததில் எது மாணவியின் கையில் நின்றது என்பது மென்டருக்கு அதைப் படித்துத் தெரியப் போவதில்லை.

அறுவைச் சிகிச்சை வார்டில் பயிற்சி முடித்த ஒரு மாணவி இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: “மூச்சை முழு நிமிடம் எண்ணச் சொல்லிக்கொடுத்தீர்கள். நோயாளிக்குத் தெரியாமல் எண்ணவும் சொல்லிக்கொடுத்தீர்கள். இன்றைக்கும் அப்படித்தான் எண்ணுகிறேன்.”

மூன்றே வரி. அதற்குள் பெரிய பாடம் இருக்கிறது. நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கருவி காட்டிவிடும். சாதாரண வார்டில் மூச்சை மட்டும் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் எண்ண வேண்டும். வேலை நெருக்கடியில் பலர் பத்துப் பதினைந்து நொடி பார்த்துப் பெருக்கிப் போடுவார்கள், அல்லது முந்தைய எண்ணையே சார்ட்டில் திரும்ப எழுதிவிடுவார்கள். ஒருவருக்கு மட்டுமல்ல, வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் 16, 18 என்றே எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று சந்தேகப்படலாம். “உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்” என்று சொன்னாலோ நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் அந்த மென்டர், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனிக்கச் சொன்னார்.

இதனால் என்ன மாறும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் ‘நியூஸ்-2’ என்ற மதிப்பெண் முறை உண்டு. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே பிடிப்பதற்கானது. வயிற்று அறுவை முடிந்த ஒருவருக்கு நாடி 104, ஆக்சிஜன் 94 சதவீதம், காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மேல் ரத்த அழுத்தம் 112, நல்ல நினைவு, தனியாக ஆக்சிஜன் வைக்கவில்லை. இவற்றுக்குப் புள்ளி இல்லை. மூச்சு 18 என்று எழுதினால் அதற்கும் புள்ளி இல்லை. மொத்தம் 3. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றாகிவிடும்.

அதே நோயாளியின் மூச்சை முழு நிமிடம் எண்ணி 26 என்று வந்தால், 25-ஐ எட்டினாலோ தாண்டினாலோ அதற்கு மட்டுமே 3 புள்ளி. மொத்தம் 6. ஐந்தைத் தொட்டாலே மருத்துவரை அவசரமாகக் கூப்பிட வேண்டும், குறைந்தது மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நிமோனியாவோ ரத்தத்தில் பரவும் தொற்றோ தொடங்கியிருந்தால் அந்த மணி நேரங்கள்தான் உயிரைக் காக்கும்.

இந்த நோயாளியைப் பற்றியும் அவள் கடிதத்தில் எழுதலாம். ஆனால் பெயர், கட்டில் எண், தேதி, ஆளை அடையாளம் காட்டும் எதுவும் வரக்கூடாது. “அறுவை முடிந்த ஒருவர்” என்றாலே மென்டருக்குப் புரிந்துவிடும். விலையுயர்ந்த பரிசும் கூடாது. மிகச் சிறியவை தவிர மற்றவற்றை மறுக்கச் சொல்கிறது பிரிட்டிஷ் நர்ஸ்களுக்கான நடத்தை விதி. கடைசி மதிப்பீட்டில் மென்டர் கையெழுத்துப் போட்ட பிறகே கடிதத்தைக் கொடுப்பது நல்லது. முன்னதாகக் கொடுத்தால் மதிப்பீட்டுக்காக எழுதியதுபோலத் தோன்றி, இருவருக்கும் சங்கடம்.

இந்தக் கடிதத்துக்கு வேறொரு பயனும் உண்டு. அங்கே நர்ஸ்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, அதற்குத் தங்கள் பணியைப் பற்றிப் பிறர் சொன்ன ஐந்து கருத்துகளைக் காட்ட வேண்டும். மாணவி எழுதியதும் அதில் ஒன்றாகச் சேரும். “எல்லாவற்றுக்கும் நன்றி” என்ற அட்டையை வைத்து மென்டரால் அதிகம் எழுத முடியாது. மூச்சை எண்ணிய அந்த மூன்று வரி கையில் இருந்தால், தான் எதைச் சொல்லிக்கொடுத்தார், அது எப்படிப் பலித்தது, அடுத்து வரும் மாணவிக்கு அதை முதல் வாரத்திலேயே காட்டலாமா என்று அவரால் தன் கோப்பில் ஒரு பக்கம் எழுத முடியும்.